மறுமுனையைப் பாருங்கள்

குழந்தைச் சாமான்கள் பல வீடுகளுக்கு அட்டைப்பெட்டி இல்லாமல்தான் வந்து சேர்கின்றன. அக்காவின் பிள்ளைக்கு வாங்கியது தங்கை வீட்டுக்கு வரும். வெளிநாட்டில் இருக்கும் நாத்தனார் ஒரு பை நிறையக் கொடுத்து அனுப்புவார். பெயர் தாளில் இருந்தது, தாள் போய்விட்டது. கையில் மிஞ்சுவது ஒளி ஊடுருவும் சில சிலிக்கான் துண்டுகளும், பிளாஸ்டிக் வளையங்களும், எதற்கென்றே புரியாத வட்டமான தகடுகளும்தான்.

இவற்றை இனம் காண முயலும் எல்லோரும் முதலில் பார்ப்பது நுனியை. அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. பால்புட்டி நிப்பிள், சூப்பான், தாயின் மார்பில் வைக்கும் நிப்பிள் ஷீல்டு, பழம் வைத்துக் கொடுக்கும் சிலிக்கான் பை, இந்த நான்கின் நுனியும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். குழந்தையின் வாய் ஒன்றுதானே, அதற்கேற்ற வடிவமும் ஒன்றுதான். வேறுபாடு மறுமுனையில் இருக்கிறது. அந்தப் பொருள் எதில் போய் உட்கார வேண்டும் என்பதை அதன் அடி விளிம்பு சொல்லிவிடும். ஆகவே எந்தத் துண்டை எடுத்தாலும் நுனியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு அடியைப் பாருங்கள். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு பழக்கத்தைப் பற்றியதுதான்.

நிப்பிள் போல இருப்பவை

பால்புட்டி நிப்பிளின் அடியில் தடித்த விளிம்பு ஒன்று இருக்கும். அதற்குச் சற்று மேலே, சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும். நகத்தால் தடவினால் தெரியும். புட்டியின் மரை வளையம் அந்தப் பள்ளத்தில்தான் வந்து பிடித்துக்கொள்கிறது. பள்ளம் இருந்தால் அது புட்டிக்கானது என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். உறுதி செய்துகொள்ள இன்னொன்றையும் தேடுங்கள். அடி விளிம்பிலோ அதை ஒட்டிய சரிவிலோ ஒரு சின்னப் புள்ளி அல்லது கீறல் இருக்கும். குழந்தை பாலை உறிஞ்ச உறிஞ்சப் புட்டிக்குள் காற்று நுழைவதற்கான வழி அது. சில புட்டிகளில் காற்று வழி உள்ளே செருகும் குழாயிலோ புட்டியின் அடிப்பாகத்திலோ இருக்கும். அத்தகைய புட்டியின் நிப்பிளில் கீறல் இல்லாமலும் இருக்கலாம்.

சூப்பானுக்குப் பள்ளம் கிடையாது. அதன் அடி ஒரு கெட்டியான தகட்டோடு நிரந்தரமாகச் சேர்ந்திருக்கும், அல்லது தகடும் நுனியும் ஒரே வார்ப்பாக இருக்கும். தகட்டில் காற்றுத் துளைகள், பின்னால் ஒரு வளையம் அல்லது குமிழ். நுனியில் துளை இராது. தகடு ஏன் அவ்வளவு அகலம் என்றால், குழந்தை அதை வாய்க்குள் முழுதாக இழுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அமெரிக்க விதிமுறை அந்தத் தகட்டை 42.7 மில்லிமீட்டர் துளை வழியாக இழுத்துப் பார்க்கச் சொல்கிறது. அதன் வழியே வந்துவிட்டால் விற்கக் கூடாது. ஒருவேளை தகடு வாய்க்குள் போய்விட்டாலும் மூச்சு விட வழி இருக்க வேண்டும் என்று குறைந்தது இரண்டு துளைகளும் கேட்கிறது.

பல வீடுகளில் நடக்கும் ஒரு காரியம் எவ்வளவு ஆபத்தானது என்பது இப்போது விளங்கும். அழும் குழந்தைக்கு வெறும் பால்புட்டி நிப்பிளை, சில சமயம் உள்ளே பஞ்சு அடைத்து, சூப்பானாகக் கொடுக்கிறார்கள். புட்டி நிப்பிளின் விளிம்பு மென்மையானது, மடங்கக்கூடியது. பிடித்து நிறுத்த வளையம் இல்லாவிட்டால் அது மடங்கி முழுதாக வாய்க்குள் போகும். வளையத்தோடு கொடுத்தாலும், குழந்தை உறிஞ்சும் வேகத்தில் நிப்பிள் வளையத்தை விட்டுக் கழன்று தொண்டைக்குப் போகலாம். நுனி ஒன்று போல இருப்பதால் வரும் தவறு இது. அடியைப் பார்த்தவர் இதைச் செய்யமாட்டார்.

நிப்பிள் ஷீல்டை அடையாளம் காண்பது எளிது, ஆனால் பலரும் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள். மெல்லிய சிலிக்கானில் அகலமான, தட்டையான விளிம்பு இருக்கும். நடுவில் சிறிய நுனி, அதன் உச்சியில் மூன்று நான்கு துளைகள். அடியில் பள்ளமும் இல்லை, தடிப்பும் இல்லை. விளிம்பு அவ்வளவு மெல்லிசாக இருப்பது தாயின் தோலோடு ஒட்டிக்கொள்வதற்காக. பல ஷீல்டுகளில் விளிம்பின் ஒரு பக்கம் வெட்டி எடுத்தது போல இருக்கும். குழந்தையின் மூக்கு தாயின் தோலைத் தொட விடப்பட்ட இடம் அது. அது உடைசல் என்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். அதே சமயம், வீட்டில் கிடைத்ததே என்று எடுத்து மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். குழந்தை மார்பைப் பற்றவில்லை என்றால் காரணம் என்ன என்று பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் தருவது அது. அளவு தவறினால் பால் குறையும்.

நான்காவதான சிலிக்கான் பையின் நுனியில் ஒன்றிரண்டு அல்ல, பல துளைகள் இருக்கும். அடி திறந்திருக்கும், கைப்பிடி உள்ள மூடி ஒன்று அதில் பூட்டிக்கொள்ளும். உள்ளே மசித்த பழம் வைத்து மூடிக் கொடுப்பார்கள். திட உணவு தொடங்கிய, அதாவது ஆறு மாதம் கடந்த குழந்தைக்கானது. கைக்குழந்தையின் சூப்பானோடு அதை ஒரே டப்பாவில் போட்டு வைப்பதைத் தவிருங்கள்.

நிப்பிள்தான், ஆனால் எந்தப் புட்டிக்கு?

புட்டி நிப்பிள் என்று தெரிந்தபின் அடுத்த கேள்வி வாய் அகலம். கடைகளில் புழங்குபவை இரண்டு வகை, குறுகிய வாய், அகல வாய். ஸ்கேலை நிப்பிளின் அடி விளிம்புக்குக் குறுக்கே வைத்துப் பாருங்கள். சுமார் நான்கு செண்டிமீட்டருக்குள் என்றால் குறுகிய வாய்ப் புட்டிக்கானது. ஐந்து செண்டிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் அகல வாய். இரண்டுக்கும் இடையில் சந்தேகம் வருவது அரிது.

ஆனால் அகலம் பொருந்தினால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே அகலமுள்ள இரண்டு நிறுவனங்களின் வளையங்களில் மரையின் இடைவெளி வேறாக இருக்கும். வளையத்தைப் புட்டியில் திருகும்போது விரல் சொல்லும் செய்தியைக் கவனியுங்கள். பொருத்தமான வளையம் ஒரு சுற்றாவது வழுக்கிக்கொண்டு போய், மெதுவாக இறுகி நிற்கும். பொருந்தாதது கால் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும், அல்லது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், அல்லது இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சோதனையைப் பாலில் செய்யாமல் தண்ணீரில் செய்யுங்கள். நிப்பிளை நனைத்து வளையத்தின் அடிப்பக்கமிருந்து நுழையுங்கள். நுனியைப் பிடித்து, பள்ளம் வளையத்தில் சுற்றிலும் விழும் வரை இழுங்கள். நான்கு பக்கமும் உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் உட்காராமல் இருப்பதுதான் பால் ஒழுகுவதற்கு முதல் காரணம். புட்டியில் பாதி தண்ணீர் விட்டு மூடிக் கவிழ்த்துப் பிடியுங்கள். வளையத்தின் ஓரத்தில் ஈரம் கசிந்தால் பொருத்தம் சரியில்லை. நுனியில் மட்டும் சொட்டினால் சரி.

அந்த நிலையிலேயே நுனியை விரலால் அழுத்தி அழுத்தி விடுங்கள். கீறல் உள்ள நிப்பிள் என்றால் ஓரத்திலிருந்து குமிழிகள் கிளம்பித் தண்ணீரில் மேலே போக வேண்டும். குமிழி வரவில்லை என்றால் காற்று வழி அடைபட்டிருக்கிறது. இரண்டே காரணங்கள்தான். வளையத்தை வேண்டிய அளவுக்கு மேல் இறுக்கியிருப்பீர்கள், அல்லது கொதிக்க வைத்ததில் கீறலின் இரு உதடுகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலாவதற்கு வளையத்தைச் சிறிது தளர்த்துங்கள். இரண்டாவதற்கு, சோப்பு போட்டுக் கழுவிய இரண்டு விரல்களுக்கிடையே கீறலை வைத்து உருட்டினால் பிரியும். காற்று வழி அடைபட்ட நிப்பிள் குழந்தை உறிஞ்சும்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளும். குழந்தை வாயை எடுத்துவிட்டு அழும், வீட்டில் உள்ளவர்கள் பசி இல்லை என்று முடிவு செய்துவிடுவார்கள்.

துளை

பாலின் வேகத்தை முடிவு செய்வது நுனித் துளைதான். இதற்கு எண்ணும் உண்டு, எழுத்தும் உண்டு. அடி விளிம்பில் 1, 2, 3 என்றோ S, M, L என்றோ வார்ப்பில் பதிந்திருக்கும். எண் கூடக் கூட வேகம் கூடும். ஆனால் ஒரு நிறுவனத்தின் 1 இன்னொன்றின் 1-க்கு சமமல்ல. அதனால் எண்ணை நம்புவதைவிடச் சொட்டைப் பார்ப்பதே நல்லது. தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்தால், பச்சைக் குழந்தைக்கான நிப்பிளில் துளித்துளியாக விழ வேண்டும், ஏறக்குறைய நொடிக்கு ஒரு துளி. கோடாக ஓடினால் அது பெரிய குழந்தைக்கானது, அல்லது துளை கிழிந்திருக்கிறது.

ஒரு துளியும் விழாத நிப்பிள்களும் உண்டு. அவற்றின் நுனியில் வட்டத் துளைக்குப் பதில் பெருக்கல் குறி போலவோ, Y எழுத்து போலவோ வெட்டு இருக்கும். நுனியைப் பக்கவாட்டில் அழுத்தினால் வெட்டு திறக்கும். குழந்தை உறிஞ்சினால்தான் திறக்கும் என்ற வகை இது. கெட்டியான பாலுக்கும் கஞ்சிக்கும் பயன்படுவது. பச்சைக் குழந்தைக்கு ஆகாது. இன்னொரு வகையில், நுனியில் ஒற்றைக் கோடாக வெட்டும், அடி விளிம்பில் I, II, III என்ற குறிகளும் இருக்கும். எந்தக் குறி குழந்தையின் மூக்குக்கு நேராக வருகிறதோ அதற்கேற்ப வேகம் மாறும். இதை அறியாதவர் ஒரே நிப்பிளில் காலையில் வேகமாகவும் மாலையில் மெதுவாகவும் வருகிறது என்று திகைப்பார்.

துளை கிழிந்ததா, வார்ப்பிலேயே அப்படியா என்று அறிய, நிப்பிளை உட்புறம் வெளியே திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். ஆலையில் போட்ட துளையின் ஓரம் வழுவழுப்பாக, வட்டமாக இருக்கும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் வீட்டில் பெரிதாக்கிய துளையின் ஓரம் பிசிறாக, ஒரு பக்கம் கருகியோ தடித்தோ இருக்கும். இந்த ஊசி வேலை இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. சிலிக்கானில் ஒரு சிறு கிழிசல் விழுந்தால் அது அங்கேயே நிற்காது, இழுக்க இழுக்க ஓடும். ஒரு நாள் துண்டாகப் பிய்ந்து குழந்தையின் வாயில் இருக்கும். பால் வேகம் போதவில்லை என்றால் அடுத்த எண்ணை வாங்குங்கள், ஊசியைத் தொடாதீர்கள்.

பொருளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிலிக்கான் கண்ணாடி போலத் தெளிவாக, வாசனை இல்லாமல், சற்று விறைப்பாக இருக்கும். லேட்டக்ஸ் தேன் நிறத்தில், ரப்பர் வாசனையோடு, மிக மிருதுவாக இருக்கும். லேட்டக்ஸ் சீக்கிரம் பழசாகும். கையில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ, ஊதிப்போனது போலத் தெரிந்தாலோ அதன் காலம் முடிந்தது. சிலிக்கானுக்கு ஊதல் வராது, வெள்ளை படரும், நுனி மெல்லிசாகும், பல்தடம் விழும். இரண்டையும் நுனியைப் பிடித்து எல்லாப் பக்கமும் நன்றாக இழுத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் குப்பைதான்.

நுனி சாய்வாக, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் நிப்பிளும் சூப்பானும் சில வீடுகளில் கோணல் என்று ஒதுக்கப்படுகின்றன. அது வார்ப்பின் வடிவம். தட்டைப் பக்கம் நாக்கின்மேல் படிய வேண்டும். மற்றொன்று, வழக்கத்தைவிட நீளமான நுனியோடு, அதில் நீளம் மாறும் கோடுகளோடு, தனியாக ஒரு வெள்ளைத் தகடும் சேர்ந்து வரும் நிப்பிள். அது அண்ணப்பிளவு உள்ள குழந்தைகளுக்கானது. அந்தத் தகடுதான் பால் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு. அது தொலைந்தால் நிப்பிளால் பயனில்லை.

வட்டத் தகடுகள்

பையில் மிஞ்சும் தட்டையான வட்டங்களைத்தான் ஆட்கள் அதிகம் தூக்கி எறிகிறார்கள். பிறகு பம்ப் வேலை செய்யவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். அதனால் இவற்றுக்குச் சற்று நேரம் கொடுக்க வேண்டும்.

துளை ஏதும் இல்லாத, கெட்டியான பிளாஸ்டிக் வட்டம் என்றால் அது பயணத்தின்போது பால் சிந்தாமல் புட்டி வாயை அடைக்கும் மூடித் தகடு. நிப்பிளுக்கு அடியில் அது இருந்தால் ஒரு சொட்டும் வராது. பால் வரவில்லை என்று துளையைப் பெரிதாக்கப் போகுமுன் இதைத் தேடுங்கள். மென்மையான சிலிக்கான் வட்டம், நடுவில் நுண்ணிய கீறல்களோடு இருந்தால், அடிப்பாகம் கழலும் புட்டியின் காற்று வழி. அது இல்லாமல் அடியைத் திருகினால் பால் அடியில் ஒழுகும்.

நகம் அளவில், மெல்லியதாக, நடுவிலோ ஓரத்திலோ சின்னக் கொக்கியோடு இருக்கும் வெள்ளைத் தகடு பம்ப்பைச் சேர்ந்தது. மஞ்சள் நிறமோ வெள்ளை நிறமோ கொண்ட சிறு பிளாஸ்டிக் துண்டின் முகத்தில் அது ஒட்டி உட்காரும். இதே வேலையை வேறு பம்ப்களில் வாத்தின் அலகு போன்ற சிலிக்கான் வால்வு செய்யும். உருளையாகத் தொடங்கி, இரண்டு உதடுகளாகக் குவிந்து, நுனியில் ஒரு கீறல். சற்றுப் பெரிய, கிண்ணம் போலக் குழிந்த சிலிக்கான் வட்டம் மின் பம்ப்பில் பால் பக்கத்துக்கும் ட்யூப் பக்கத்துக்கும் நடுவே நிற்கும் தடுப்பு. பால் மோட்டாருக்குப் போகாமல் காப்பது அதுதான். நடுவில் ஒரு தண்டு எழும்பியிருந்தால் கைப்பம்ப்பின் டயஃப்ரம். தண்டில் கைப்பிடி மாட்டிக்கொள்ளும்.

இந்த வால்வு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதன் பழுதையும் கண்டுபிடித்துவிடலாம். பம்ப் இழுக்கும்போது அலகின் உதடுகள் மூடிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் இழுவை முழுவதும் மார்பின்மேல் செல்லும். இழுவை தளரும்போது சேர்ந்த பாலின் எடையில் உதடுகள் திறந்து பால் புட்டியில் விழும். உதடுகள் சும்மா இருக்கும்போதே திறந்திருந்தால் என்ன ஆகும்? இழுவை புட்டிக்குள் இருக்கும் காற்றை இழுப்பதில் வீணாகும். மோட்டார் சத்தம் வழக்கம்போலக் கேட்கும், பால் மட்டும் குறையும். வால்வை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், கீறல் வழியே ஒளிக்கோடு தெரிந்தால் மாற்ற வேண்டும். பிரஷ்ஷால் கீறலைத் தேய்ப்பதுதான் அதைச் சீக்கிரம் கெடுக்கிறது. சோப்புத் தண்ணீரில் அலசி, பக்கவாட்டில் மெதுவாக அழுத்தினால் போதும்.

பம்ப்பின் ஃபனல்

மார்பில் வைக்கும் ஃபனலைக் கண்டுபிடிக்க யாருக்கும் சிரமம் இராது. ஃபனலின் அளவில்தான் தவறு நடக்கிறது. அகன்ற வாயின் அளவு முக்கியமல்ல. குழாய்போலக் குறுகும் இடத்தின் உள் விட்டம்தான் ஃபனலின் அளவு. ஓரத்தில் 21, 24, 27 என்று பதிந்திருப்பது அந்த விட்டம், மில்லிமீட்டரில். பெரும்பாலான பம்ப்களோடு 24 வரும். எல்லாத் தாய்மாருக்கும் அது பொருந்தும் என்று யாரும் சொல்ல முடியாது. மார்புக் காம்பின் அடிப்பாகத்தின் குறுக்களவை, சுற்றியுள்ள கருவட்டத்தைச் சேர்க்காமல், ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். குழாயின் அளவு அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். பம்ப் ஓடும்போது காம்பு குழாயின் பக்கங்களில் உரசாமல் முன்னும் பின்னும் அசைந்தால் சரி. உரசிச் சிவந்தாலோ வெளுத்தாலோ சிறிது. காம்போடு கருவட்டமும் நிறைய உள்ளே போனால் பெரிது. இரண்டிலும் வலி இருக்கும், பாலும் முழுதாக வராது.

இதைச் சரிசெய்ய விற்கும் சிலிக்கான் உள்வளையங்கள் உண்டு. ஃபனலின் உள்ளே வைத்தால் 24-ஐ 21 ஆகவோ 19 ஆகவோ குறைக்கும். இவற்றை நிப்பிள் ஷீல்டு என்று எடுத்துக்கொள்பவர்கள் பலர். வேறுபாடு நுனியில் என்பதால் இங்கே மட்டும் நுனியைப் பார்க்கச் சொல்கிறேன். ஷீல்டின் நுனி மூடியிருக்கும், சிறு துளைகள் மட்டும் உண்டு. உள்வளையத்தின் நுனி குழாய்போல முழுதாகத் திறந்திருக்கும். சிலிக்கானும் தடிப்பாக இருக்கும்.

பழைய மருந்துக்கடை பம்ப் ஒன்றையும் சொல்ல வேண்டும். கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு ஃபனல், அதன் கீழே ஒரு சின்னப் புடைப்பு, பின்னால் ரப்பர் பந்து. வால்வும் கிடையாது, தனிப் புட்டியும் கிடையாது. பந்தை அழுத்தி விட்டால் இழுக்கும். எவ்வளவு இழுக்கும் என்பது நம் கையில் இல்லை. பால் பந்துக்குள் போய்விடும், பந்தின் உட்புறத்தைக் கழுவிக் காயவைக்க வழியில்லை. அதில் எடுத்த பாலைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். இப்போது வரும் ஒற்றை வார்ப்புச் சிலிக்கான் பம்ப்புக்கும் வால்வு இல்லைதான், ஆனால் பந்தும் பால் சேரும் கிண்ணமும் ஒன்றேயாக, வாய் அகலமாக, விரலை விட்டுத் தேய்த்துக் கழுவும்படி இருக்கும். அதனால் அதைப் பயன்படுத்தலாம்.

ஒரு பையைப் பிரித்தல்

திருமங்கலத்தில் ஒரு வீடு. தலைப்பிரசவம், குழந்தைக்கு மூன்று வாரம். சிங்கப்பூர் நாத்தனார் அனுப்பிய பை மேசையில் கொட்டிக் கிடக்கிறது. மாமியார் ஒரு நிப்பிளோடு போராடிக்கொண்டிருக்கிறார்.

“ஏம்மா, இந்த நிப்பிள் புட்டியில நிக்கவே மாட்டேங்குது. வளையத்தப் போட்டா உள்ள விழுந்துடுது.”

“அடிப்பக்கத்தக் காட்டுங்க அத்தை.”

அடி தட்டையாக, தாள்போல மெல்லிசாக இருந்தது. ஒரு ஓரம் வெட்டுப்பட்டது போலிருந்தது. பள்ளம் இல்லை, உச்சியில் நான்கு துளைகள். நிப்பிள் ஷீல்டு. புட்டிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை ஒரு ஓரமாக வைத்தாயிற்று.

அடுத்து இரண்டு நிப்பிள்கள், இரண்டுக்கும் பள்ளம் உண்டு. ஸ்கேலை வைத்ததில் ஒன்று நான்கு செண்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, மற்றது ஐந்தைத் தாண்டியது. வளையங்களும் இரண்டு. அகல நிப்பிள் அகல வளையத்தில் விழுந்தது, தண்ணீர்ச் சோதனையில் ஓரம் கசியவில்லை. ஆனால் தண்ணீர் கோடாக ஓடியது. விளிம்பைப் பார்த்தால் 3. அது அந்த வீட்டின் மூத்த பேரன் எட்டு மாதத்தில் குடித்த நிப்பிளாக இருக்க வேண்டும். குறுகியது 1, துளித்துளியாகச் சொட்டியது, ஆனால் குமிழி வரவில்லை. கீறலை உருட்டியதும் வந்தது. இழுத்துப் பார்த்தபோது நுனிக்கருகே நூல்போல ஒரு வெடிப்பு தெரிந்தது. இரண்டும் இப்போதைக்குப் பயன்படாது. குறுகிய வளையத்துக்குப் புது நிப்பிள் ஒன்று வாங்க வேண்டும். அதுவரை பிழிந்த பாலைப் பாலாடையில் கொடுக்கலாம், சுத்தம் செய்வதும் சுலபம்.

பம்ப்பும் இருந்தது. அந்தப் பெண் அதை முந்தின நாள் போட்டுப் பார்த்திருக்கிறாள். சத்தம் வருகிறது, பால் வரவில்லை, தனக்குப் பாலே இல்லையோ என்று கலங்கியிருக்கிறாள். பாகங்களைப் பிரித்ததில் ஃபனல், இணைப்பு, ட்யூப், கிண்ணத் தடுப்பு எல்லாம் இருந்தன. அலகு வால்வு மட்டும் இணைப்பின் அடியில் இல்லை. தேடினால், நிப்பிள்கள் போட்டு வைத்த டப்பாவில், பிளந்த நிப்பிள் என்று ஒதுக்கிய துண்டாகக் கிடந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் உதடுகள் ஒட்டியே இருந்தன. கழுவி மாட்டி, ஈர உள்ளங்கையில் ஃபனலைப் பதித்து ஓட்டியதும் கை இழுபட்டது. ட்யூபுக்குள் கருப்புப் புள்ளிகள் தெரிந்ததால் அது மட்டும் மாற்ற வேண்டியதாயிற்று. பூஞ்சை பிடித்த ட்யூபைக் கழுவிச் சரிசெய்ய முடியாது.

பிறர் பயன்படுத்திய பம்ப்பைப் பற்றி இதற்குமேல் ஒரு கேள்வி உண்டு. வீட்டில் பயன்படுத்தும் பம்ப்களில் பெரும்பாலானவை ஒரே ஒருவருக்காகச் செய்யப்பட்டவை. பாலுக்கும் மோட்டாருக்கும் நடுவே அந்தக் கிண்ணத் தடுப்பு இல்லாத வகை என்றால், முன்பு பயன்படுத்தியவரின் பால் உள்ளே போயிருக்கக்கூடும், அங்கே சுத்தம் செய்ய வழியில்லை. தடுப்பு இல்லாத பம்ப்பை வாங்கிக்கொள்ளாதீர்கள், யார் கொடுத்தாலும்.

கடிக்கும் வளையங்கள்

டீதரை இனம் காண்பதில் கஷ்டம் குறைவு. பள்ளமும் மரையும் வால்வும் இல்லாமல், பிடித்துக் கடிக்கும்படி இருப்பதெல்லாம் அதுதான். ஒரே வார்ப்புச் சிலிக்கான் வளையம் எல்லாவற்றிலும் எளிமையானது, பழுது உடனே தெரியும். உள்ளே நீர் அல்லது ஜெல் உள்ளது என்றால் சுற்றிலும் ஒட்டிய கோட்டைத் தேடி, அழுத்திப் பாருங்கள். கோட்டில் ஈரம் வந்தால் எறிந்துவிடுங்கள். குளிர வைப்பதாக இருந்தால் ஃபிரிட்ஜின் சாதாரணத் தட்டில் வையுங்கள், ஃபிரீசரில் அல்ல. உறைந்து கல்லானது ஈறைக் காயப்படுத்தும். கழுத்திலோ கையிலோ போடும் மணிமாலை டீதரை வாங்கவே வேண்டாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் அதை எதிர்த்தே எச்சரிக்கை விட்டது. நூல் அறுந்தால் மணி தொண்டைக்குப் போகும், அறாவிட்டால் கழுத்தை இறுக்கும். இந்தியாவில் விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெட்டி கையில் இருந்தால் அதைத் தேடலாம்.

பெட்டி இல்லாத டீதருக்கு அளவுதான் சாட்சி. கிலுகிலுப்பைக்கும் டீதருக்கும் வைத்திருக்கும் சோதனை ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். தடித்த அட்டையில் 5 செண்டிமீட்டர் நீளமும் 3.5 செண்டிமீட்டர் அகலமும் உள்ள முட்டை வடிவத் துளை ஒன்று வெட்டுங்கள். டீதரின் ஒவ்வொரு நீட்சியையும், கைப்பிடியையும், பொம்மையின் காதையும் காலையும் அந்தத் துளையில் நுழைத்துப் பாருங்கள். அழுத்தாமல், தன் எடையிலேயே நுழைய விடுங்கள். ஏதாவது ஒரு முனை 3 செண்டிமீட்டர் ஆழத்துக்கு உள்ளே போனால், அது குழந்தையின் தொண்டை வரை எட்டக்கூடியது. அந்த டீதர் எவ்வளவு புதியதாக இருந்தாலும் குழந்தையின் கைக்குத் தராதீர்கள்.